காயம் ஆறிய பிறகு வந்த காய்ச்சல்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் லீ பஜார் பக்கம் என் அண்ணன் பருப்பும் கடலையும் மொத்த வியாபாரம் செய்கிறார். மூட்டை அடுக்கிய குடோன் என்றால் எலி இல்லாமல் இருக்காது. பொறி வைப்பதும், பூனை வளர்ப்பதும், கடித்த மூட்டையைத் தைப்பதும் அங்கே அன்றாட வேலை. நான் செவிலியர். அவசர சிகிச்சைப் பிரிவில் பல வருடம் இருந்தவள். எலி கடித்து வருகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களில் பெரும்பாலோர் ஒரு ஊசி போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள், அதோடு சரியாகிவிடும். எப்போதாவது ஒருவருக்குச் சரியாகாமல் போகும். அப்படிப்பட்ட ஒருவர் எங்கள் வீட்டிலேயே இருந்தார். அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

அண்ணன் ஒரு கடலை மூட்டையை நகர்த்தும்போது பின்னால் ஒளிந்திருந்த எலி வலது ஆள்காட்டி விரலைக் கடித்துவிட்டு ஓடியது. இரண்டு சின்னப் புள்ளிகள், கொஞ்சம் ரத்தம். குழாயில் விரலை நனைத்து, துணியைச் சுற்றிக்கொண்டு எடை போடப் போய்விட்டார். சாயங்காலம் பக்கத்து கிளினிக்கில் டிடி ஊசி போட்டுக்கொண்டார். நாலைந்து நாளில் காயம் காய்ந்து, தோல் மூடி, விரல் பழையபடி ஆகிவிட்டது. எங்களிடம் அவர் சொல்லக்கூட இல்லை.

அடுத்த வாரம் உடம்பு தூக்கிப்போடுகிற குளிரோடு காய்ச்சல் வந்தது. தலைவலி, இரண்டு மூன்று தடவை வாந்தி. மழைக்காலம், சேலத்தில் எல்லா வீட்டிலும் காய்ச்சல். டெங்கு பரிசோதனை எடுத்தார்கள், இல்லை என்று வந்தது. விடால் பரிசோதனையில் லேசாக ஏதோ காட்டியது. டைபாய்டு என்று மாத்திரை கொடுத்தார்கள். விடால் பரிசோதனை நம் ஊரில் பலருக்கு டைபாய்டு இல்லாமலேயே இப்படிக் காட்டும் என்பதால், அதை மட்டும் வைத்து முடிவு செய்வது எனக்கு எப்போதுமே உடன்பாடில்லை. காய்ச்சல் கொஞ்சம் தணிந்து மறுபடி ஏறியது. பிறகு மணிக்கட்டும் முழங்காலும் வீங்கி வலிக்க ஆரம்பித்தன. தம்ளரைப் பிடிக்க முடியவில்லை. அப்போதுதான் அண்ணி எனக்குப் போன் செய்தார். "பாப்பா, உங்கண்ணனுக்கு உள்ளங்கையிலயும் பாதத்துலயும் சிவப்பு சிவப்பா புள்ளி வந்திருக்கு. அம்மை மாதிரி இருக்குமோன்னு பயமா இருக்கு."

போய்ப் பார்த்தேன். உள்ளங்கை, உள்ளங்கால் இரண்டிலும் தட்டையான சிவப்புப் புள்ளிகள் இருந்தன. அரிப்பு இல்லை. காய்ச்சல், மூட்டு வலி, உள்ளங்கையில் புள்ளி, இந்த மூன்றும் சேர்ந்து வரும் நோய்கள் அதிகம் இல்லை. "சமீபத்துல ஏதாவது கடிச்சுதா அண்ணா?" என்று கேட்டேன். "ஒண்ணும் கடிக்கலையே" என்றார். மனதறிந்து மறைக்கவில்லை. காயம் ஆறிவிட்டதால் அது அவர் கணக்கிலேயே இல்லை. கடையிலிருந்து சாவி வாங்க வந்திருந்த பையன்தான், "மொதலாளி, அன்னிக்கு எலி கடிச்சுதே" என்றான். விரலைத் திருப்பிப் பார்த்தால், மிளகு அளவில் ஒரு தடம் மட்டும் இருந்தது.

எலிக்கடி காய்ச்சல் இப்படித்தான் வரும். எலியின் வாயிலும் மூக்கிலும் தொண்டையிலும் சாதாரணமாகவே வாழும் ஸ்ட்ரெப்டோபாசில்லஸ் மோனிலிஃபார்மிஸ் என்ற பாக்டீரியா ஒரு காரணம். அந்த எலிக்கு நோய் இருக்க வேண்டும் என்பதில்லை, பார்ப்பதற்கு அது கொழுத்து ஆரோக்கியமாகவே இருக்கும். கடித்த மூன்றாவது நாளிலிருந்து பத்தாவது நாளுக்குள் பெரும்பாலும் காய்ச்சல் தொடங்கும், சிலருக்கு மூன்று வாரம்கூட ஆகும். அதற்குள் காயம் ஆறியிருக்கும். ஆசிய நாடுகளில் ஸ்பைரில்லம் மைனஸ் என்ற இன்னொரு கிருமியும் இதே வேலையைச் செய்கிறது. அதன் போக்கு வேறு. ஒன்றிலிருந்து மூன்று வாரம் கழித்து, ஆறிப்போன காயமே மறுபடி வீங்கிச் சிவந்து புண்ணாகும். அந்தப் பக்கத்து அக்குளிலோ தொடை இடுக்கிலோ நெறி கட்டும். காய்ச்சல் சில நாள் வந்து, விட்டு, மறுபடி வரும். மூட்டு வலி இதில் அவ்வளவாக இருக்காது. எந்தக் கிருமியானாலும் மருந்து பென்சிலின்தான். சிகிச்சை இல்லாமல் விட்டால் முதல் வகையில் நூற்றுக்குப் பத்துப் பேர் அளவில் இறக்கக்கூடும். இதய வால்வில் கிருமி தங்கிவிடுவதுதான் அதில் பெரிய பயம்.

அன்று இரவே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். டாக்டரிடம் நான் காய்ச்சலிலிருந்து ஆரம்பிக்கவில்லை. "சார், இவருக்கு எலி கடிச்சது. கண்ணால பார்த்தார், குடோன் எலி. கடிச்சு ஒரு வாரம் தாண்டி குளிர் காய்ச்சல், அப்புறம் மூட்டு வீக்கம், இப்ப உள்ளங்கையில புள்ளி" என்றுதான் சொன்னேன். வரிசை முக்கியம். காய்ச்சலைச் சொல்லி, டெங்கு ரிப்போர்ட்டை நீட்டி, டைபாய்டு மாத்திரையைக் காட்டி, கடைசியில் போகிற போக்கில் எலியைச் சொன்னால், கூட்டமான புறநோயாளிப் பிரிவில் அது காதில் விழாமலே போகும். அந்த டாக்டர் பேனாவை நிறுத்தி, "எந்த விரல்?" என்று கேட்டார்.

அவர் அடுத்து கேட்டவை இவை. பென்சிலின் அலர்ஜி உண்டா? இதய வால்வில் கோளாறு என்று யாராவது சொல்லியிருக்கிறார்களா? சர்க்கரை இருக்கிறதா? இதுவரை என்ன ஆன்டிபயாடிக் சாப்பிட்டார்? கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்ல அண்ணி மாத்திரை அட்டையையே கொண்டுவந்திருந்தார், அது பெரிய உதவியாக இருந்தது. ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சருக்கு எடுக்கும்போது எலிக்கடி சந்தேகம் என்று ஆய்வகத்துக்கு எழுதிக் கொடுத்தார். இந்தக் கிருமி வளர்வது கடினம். வழக்கமான கல்ச்சர் பாட்டிலில் ரத்தம் உறையாமலிருக்கச் சேர்க்கும் ஒரு பொருளே இதன் வளர்ச்சியைத் தடுத்துவிடும். முன்கூட்டிச் சொன்னால்தான் ஆய்வகம் அதற்கேற்றபடி செய்யும். ஸ்பைரில்லம் கிருமியோ கல்ச்சரில் வளரவே வளராது. ஆகவே பரிசோதனை முடிவுக்காகக் காத்திருக்காமல், நாம் சொல்லும் விவரத்தை வைத்தே டாக்டர் மருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. சோதனை ஊசி போட்டு அலர்ஜி இல்லை என்று பார்த்து, அன்றே பென்சிலினை நரம்பு வழியாக ஆரம்பித்தார்கள். எக்கோ எடுத்து இதயத்தில் ஒன்றுமில்லை என்று உறுதி செய்தார்கள். இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கியது. ஒரு வாரம் ஊசி, பிறகு மாத்திரை என்று மொத்தம் இரண்டு வாரம் மருந்து. மூட்டு வலி மட்டும் அதற்கப்புறமும் பல வாரம் இழுத்தது. கல்ச்சரில் எதுவும் வளரவில்லை. ஏற்கெனவே சாப்பிட்டிருந்த மாத்திரையும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்றார் டாக்டர்.

"டிடி போட்டாச்சே பாப்பா, அப்புறம் எப்படி வந்துச்சு?" என்று அண்ணன் படுக்கையில் இருந்தபடி கேட்டார். இதே கேள்வியை அவசரப் பிரிவிலும் பலர் கேட்டிருக்கிறார்கள். டிடி ஊசி தடுப்பது டெட்டனஸ் என்கிற இசிவு நோயை மட்டும்தான். இப்போது போடும் ஊசியில் தொண்டை அடைப்பான் தடுப்பும் சேர்ந்திருக்கிறது, அவ்வளவே. எலியின் வாயிலிருந்து வரும் கிருமிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. எலிக்கடி காய்ச்சலுக்குத் தடுப்பூசி கிடையாது. ஊசி போட்டது நல்லதுதான், போடவே வேண்டும். ஆனால் அதோடு கணக்கு முடிந்தது என்று நினைத்துக் காயத்தைக் கழுவாமல் விடுவதும், பிறகு காய்ச்சல் வரும்போது கடியை மறந்துவிடுவதும்தான் ஆளைக் கவிழ்க்கிறது.

கழுவுவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எலியின் முன்பல் குறுகலானது, ஆனால் ஆழமாக இறங்கும். தோலில் ஊசி குத்தியது போல ஒரு துளைதான் தெரியும், கிருமியோ அடியில் இருக்கும். விரலில் தோலுக்குக் கீழேயே தசைநாரும் மூட்டும் இருப்பதால் ஆழமான துளை அங்கே போய்ச் சேரும். எனவே குழாயைத் திறந்துவிட்டு, ஓடும் தண்ணீரில், சாதாரண சோப்புப் போட்டு, 15 நிமிடம் கழுவ வேண்டும். 15 நிமிடம் என்பது நினைப்பதைவிட நீளமானது. கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள், பாதியில் எடுத்துவிடத் தோன்றும். தண்ணீர் துளைக்குள் போகும்படி காயத்தை மெதுவாக விரித்துக் காட்டலாம். அழுத்திப் பிதுக்கி ரத்தத்தை வெளியேற்றுவதும், வாயால் உறிஞ்சுவதும், பிளேடால் கீறுவதும் வேண்டாம், அதனால் சதைதான் நைந்துபோகும். ரத்தம் நிற்காமல் வந்தால் சுத்தமான துணியால் சில நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். அதற்கு முன், விரல் வீங்குமுன், மோதிரத்தைக் கழற்றிவிட வேண்டும். வீங்கிய பிறகு மோதிரத்தை வெட்டித்தான் எடுக்க நேரும்.

கழுவியபின் போவிடோன் அயோடின் மருந்து இருந்தால் போட்டு, சுத்தமான துணியைத் தளர்வாகச் சுற்றினால் போதும். மஞ்சள், சுண்ணாம்பு, காபித்தூள், மிளகாய்ப்பொடி, எதுவும் வேண்டாம். ஏற்காட்டில் காபித் தோட்டத்து வீடுகளில் காயம் என்றதும் காபித்தூளைத் தேடுவது வழக்கம். ரத்தம் நின்றுவிடும், உண்மைதான். ஆனால் துளைக்குள் தூள் அடைத்துக்கொள்ளும். டாக்டர் ஆழத்தைப் பார்க்க முதலில் அதைச் சுரண்ட வேண்டியிருக்கும். துளைக் காயத்துக்கு உடனே தையல் போடுவதையும் பெரும்பாலும் தவிர்ப்பார்கள், மூடிவிட்டால் கிருமி உள்ளேயே தங்கும் என்பதால்தான்.

அன்றே, அல்லது மறுநாளுக்குள், டாக்டரிடம் போய்விடுங்கள். கை விரல், முகம், மூட்டுக்கு அருகில் என்றால் இன்னும் சீக்கிரம். ஆழமான துளை, சர்க்கரை நோயாளி, மண்ணீரல் எடுத்தவர், ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர், கர்ப்பிணி, சின்னக் குழந்தை என்றால் கடித்த அன்றே சில நாளுக்கு ஆன்டிபயாடிக் கொடுக்க டாக்டர் யோசிப்பார். அதனால் இவற்றில் எது உங்களுக்கு இருந்தாலும் கேட்காமலே சொல்லுங்கள். கடைசியாக டிடி எப்போது போட்டது என்பதையும் சொல்ல வேண்டும். அழுக்கான காயத்துக்கு, ஐந்து வருடம் தாண்டியிருந்தால் மறுபடி போடுவார்கள். சிறுவயதில் முழுத் தடுப்பூசியும் போட்டதா என்றே தெரியாதவர்களுக்கு இன்னொரு வகை ஊசியும் சேர்த்துத் தேவைப்படலாம். எங்கள் அம்மா தலைமுறையில் அப்படித் தெரியாதவர்கள் நிறையப் பேர்.

எந்தப் பிராணி என்பதையும் முடிந்தவரை சரியாகச் சொல்லுங்கள். வீட்டு எலியா, பெருச்சாளியா, மூஞ்சூறா, தோட்டத்து அணிலா? வெறிநாய்க்கடி ஊசி போடணுமா என்ற கேள்வி இங்கேதான் வருகிறது. வீட்டு எலி கடித்ததற்கு நம் நாட்டில் வழக்கமாக அது தேவைப்படுவதில்லை. ஆனால் சேர்வராயன் மலையில் காட்டுக்குள் வேலை செய்யும்போது காட்டுப் பிராணி கடித்தாலோ, பகலில் பயமில்லாமல் தானாக வந்து பாய்ந்து கடித்தாலோ கதை வேறு, அதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். "பொறியைத் திறந்தபோது கடித்தது", "மூட்டையைத் தூக்கியபோது கடித்தது", "சும்மா நின்றபோது வந்து கடித்தது" என்று கடித்த சூழ்நிலையையும் சொல்லச் சொல்வது அதற்காகத்தான்.

வீட்டுக்குத் திரும்பியபின் முதல் இரண்டு நாளில் காயத்தைச் சுற்றிச் சிவந்து, சூடாகி, சீழ் வைத்தால், அது சாதாரணக் கிருமித் தொற்று. விரலை மடக்கவோ நீட்டவோ முடியாதபடி வலித்தால், தசைநாருக்குள் தொற்று போயிருக்கலாம். அது அன்றே பார்க்க வேண்டியது, காலைவரை பொறுக்கக்கூடாது. அதற்குப் பிறகு மூன்று வாரம்வரை வரும் எந்தக் காய்ச்சலுக்கும் முதல் வாக்கியம் "எலி கடித்தது" என்பதாகத்தான் இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் இப்போது சமையலறை காலண்டரில் கடித்த தேதியை வட்டம் போட்டு வைக்கிறோம். ஞாபகத்தை நம்புவதைவிட அது நல்லது.

எலி இருக்கும் இடத்தில் காய்ச்சல் வர கடிதான் வேண்டும் என்பதும் இல்லை. எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரில் வெறுங்காலோடு நின்றால் லெப்டோஸ்பைரோசிஸ் வரலாம். கெண்டைக்கால் வலி, கண் சிவப்பது, பிறகு கண் மஞ்சளாவது, சிறுநீர் குறைவது அதன் குறிகள். ஆகவே குடோன், தோட்டம், சாக்கடை, தேங்கிய மழைநீர் என்று எங்கே வேலை செய்தீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்வது நல்லது.

கால் மரத்துப்போன சர்க்கரை நோயாளிகளுக்கு இது இன்னும் மோசம். தூங்கும்போது கால் விரலை எலி கொறித்தாலும் அவர்களுக்குத் தெரியாது. காலையில் பாயில் ரத்தக்கறையைப் பார்த்துத்தான் அறிவார்கள். அப்படி வந்த ஒரு தாத்தா, "வலிக்கவே இல்லையே, அப்ப சின்னக் காயம்தானே கண்ணு" என்று கேட்டார். வலி இல்லாததுதான் அங்கே ஆபத்து. எலும்புவரை போயிருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டியிருந்தது. இரண்டாம் நாள் கட்டுப் பிரித்து மறுபடி பார்க்க வரச் சொன்னோம்.

அந்தத் தாத்தாவிடம் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "எலியை நீங்க பார்த்தீங்களா?" என்பது. அவர் பார்க்கவில்லை. அந்தக் கேள்வியை ஒவ்வொரு வீட்டிலும் கேட்க வேண்டும். இரவில் தரையில் படுத்திருப்பவரைக் கட்டுவிரியன் கடித்தால் வலி இருக்காது, வீக்கம் இருக்காது, பல் தடம்கூடச் சரியாகத் தெரியாது. எலியோ பூச்சியோ கடித்திருக்கும் என்று மறுபடி படுத்துவிடுவார்கள். எலி இருக்கும் வீட்டுக்கு எலியைத் தேடிப் பாம்பு வருவது கிராமத்தில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். சில மணி நேரத்தில் வயிற்றுவலி வரும், கண் இமை கீழே தொங்கும், எச்சில் விழுங்க முடியாது, பேச்சுக் குழறும், கடைசியில் மூச்சு நிற்கும். எலிக்கடியில் இவை எதுவும் வராது. இரவில் ஏதோ கடித்தது, கடித்ததைப் பார்க்கவில்லை என்றால், காயம் எவ்வளவு சின்னதாக இருந்தாலும் எலி என்று முடிவுகட்டாமல் ஆஸ்பத்திரியில் 24 மணி நேரம் கண்காணிப்பில் இருப்பதுதான் சரி. கயிறு கட்ட வேண்டாம், கீற வேண்டாம், அந்தக் கையையோ காலையோ அசைக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். ஏற்காட்டிலிருந்து என்றால் 20 கொண்டை ஊசி வளைவு இறங்கித்தான் சேலம் வர வேண்டும், அந்த நேரத்தையும் கணக்கில் வையுங்கள். இமை தொங்கட்டும் என்று காத்திருக்காமல் உடனே 108-க்குப் போன் செய்யுங்கள். "எலியாகவும் இருக்கலாம், பாம்பாகவும் இருக்கலாம், நாங்கள் பார்க்கவில்லை, பாம்பு விஷமுறிவு ஊசி இருக்கிற ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்" என்று போனிலேயே சொல்லிவிடுங்கள்.